'யாருக்கு, எதற்கு' என்று சேர்த்துக் கொடுத்தால் மொழிபெயர்ப்பு எப்படி மாறுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனைகள் நோயாளிகளின் கையில் கொடுத்தனுப்பும் தாள்களைத் தமிழாக்குவது என் வேலை. இப்போதெல்லாம் ஆங்கிலத் தாளோடு தமிழும் சேர்ந்தே வருகிறது. யாரோ சாட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ ஒட்டி எடுத்த தமிழ் அது. "கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்பார்கள். ஏன் இவ்வளவு திருத்தம் என்று போனில் விளக்கும்போது எல்லோரும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்களைப் பெரும்பாலும் ஒரே தாளிலிருந்து எடுத்திருக்கிறேன். குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்தவர் வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் தாள் அது.

"இங்கிலீஷை அப்படியே போட்டாலே தமிழ் வந்துடுதே. அதுக்கு மேல எதுக்கு எழுதணும்?"

அந்தத் தாளின் நான்கு வரிகள் இவை:

```
Keep the dressing dry for 48 hours.
Report any discharge.
Avoid straining at stool.
Tab. Paracetamol 650 mg SOS.
```

இவற்றை ஒவ்வொன்றாக ஒட்டி எடுத்த தமிழ் எனக்கு இப்படி வந்தது: "ஆடையை 48 மணி நேரம் உலர்வாக வைத்திருக்கவும். எந்தவொரு வெளியேற்றத்தையும் புகாரளிக்கவும். மலத்தில் சிரமப்படுவதைத் தவிர்க்கவும். பாராசிட்டமால் 650 மி.கி. அவசர அழைப்பு." எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, இலக்கணமும் சரி. ஆனால் டிரெஸ்ஸிங் என்பது இங்கே புண்ணின் மேல் போட்ட கட்டு. டிஸ்சார்ஜ் என்பது தையல் போட்ட இடத்தில் கசியும் நீரோ சீழோ. அதைப் 'புகார்' செய்யச் சொன்னால், யார் மேல் புகார் என்று நோயாளி முழிப்பார். மூன்றாவது வரி, முக்கி மலம் கழிக்காதீர்கள் என்கிறது. நான்காவது வரியில் வரும் சுருக்கெழுத்தை நம் ஊர் டாக்டர்கள் 'தேவைப்பட்டால் மட்டும்' என்ற பொருளில் எழுதுகிறார்கள். கடலில் மூழ்கும் கப்பல் அனுப்பும் சமிக்ஞைக்கும் அதே மூன்று எழுத்துதான்.

தனி வரியைப் பார்க்கும் கருவிக்கு இது மருத்துவமனைத் தாளா துணிக்கடைத் தாளா என்று தெரிய வழியில்லை. எந்தப் பொருள் அதிகம் புழங்குகிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. மேலே இரண்டு வரியில் 'இது யாருக்கு, எதற்கு' என்று எழுதிவிட்டு அதே நான்கு வரிகளைக் கொடுத்தபோது கட்டு, சீழ், முக்குதல், வலி இருந்தால் மட்டும் ஆகிய நான்கும் முதல் தடவையிலேயே சரியாக விழுந்தன.

"சரி, என்னதான் எழுதணும்? ஒரு மாதிரி குடுங்களேன்."

நான் அந்தத் தாளுக்கு எழுதிய குறிப்பு இது. அறிவிப்பு எழுதும் தோரணை வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல் எழுதினால் போதும்.

```
யாருக்கு: மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வரும் நோயாளிகள்.
பெரும்பாலும் 50 வயதுக்கு மேல். சிலர் எழுத்துக் கூட்டித்தான்
படிப்பார்கள்; பலருக்கு மகனோ மருமகளோ படித்துக் காட்டுவார்கள்.
எதற்கு: குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும்போது
கொடுக்கும் தாள். இதைப் பார்த்து வீட்டில் நடந்துகொள்ள வேண்டும்.
யார் சொல்வது: மருத்துவமனை. நோயாளியை 'நீங்கள்' என்று அழைக்கவும்.
மாறக் கூடாதது: எண்கள், மருந்துப் பெயர், மருந்தின் அளவு.
மூலத்தில் இல்லாததைச் சேர்க்க வேண்டாம். பொருள் இரண்டாகத்
தெரியும் இடத்தில் [?] போட்டுக் கீழே கேள்வியாக எழுதவும்.
```

இதன் கீழே ஆங்கிலத் தாளை முழுதாக ஒட்டுங்கள். முதல் இரண்டு தலைப்புகளும்தான் பாதி வேலையைச் செய்கின்றன. கடைசி மூன்று வரிகளை நான் பட்ட பிறகு சேர்த்தேன். அந்தக் கதை கீழே, கருவி தானாகச் சேர்ப்பதைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

"'எளிய தமிழில் மொழிபெயர்க்கவும்'னு ஒரு வரி போட்டா போதாதா?"

போதாது. எளிமை ஆளுக்கு ஆள் வேறு. கல்லூரி மாணவருக்கு 'அறுவை சிகிச்சை' எளிது. எழுபது வயது ஆச்சிக்கு 'ஆபரேஷன்'தான் எளிது. 'குருதி' தூய தமிழ்தான், ஆனால் நோயாளி சொல்வது ரத்தம். 'எளிய தமிழ்' என்று மட்டும் போட்டால் பெரும்பாலும் வாக்கியங்கள் குட்டையாகின்றன, சொற்கள் அப்படியே இருக்கின்றன. 'காயத்தில் வெளியேற்றம் உள்ளதா எனக் கவனிக்கவும்' குட்டையான வாக்கியம்தான். படிக்கிறவருக்கு அதில் எதுவும் விளங்காது.

எளிமையாக வேண்டும் என்று கேட்பதை விட, படிக்கப்போகிறவர் யார் என்று சொல்லிவிடுங்கள். 'ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர், கிராமத்தவர், மருமகள் படித்துக் காட்டுவார்' என்றதும் மாத்திரை 'உட்கொள்ளவும்' என்பது 'சாப்பிடுங்கள்' ஆகிறது. நீரிழிவு 'சர்க்கரை' ஆகிறது. ஆள் கண்முன் வந்துவிட்டால் சொல்லும் தானாக வந்துவிடுகிறது. மனிதர் மொழிபெயர்க்கும்போதும் இப்படித்தான் நடக்கிறது.

"ஆள் யாருன்னு சொன்னா சொல் மட்டும்தானே மாறும்? இலக்கணம் ஒண்ணுதானே?"

தமிழில் இலக்கணமும் மாறும். ஆங்கிலம் சொல்லாமல் விட்டுவிடும் பல விஷயங்களைத் தமிழில் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்கவே முடியாது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். தமிழில் நீ, நீங்கள் என்று இரண்டு. வினையும் அதற்கேற்ப மாற வேண்டும். குறிப்பில் சொல்லாவிட்டால் மேல் பத்தியில் 'நீங்கள் வாருங்கள்', கீழ்ப் பத்தியில் 'கவனிக்கவும்', இன்னும் கீழே 'உன் மருந்தை' என்று ஒரே தாளில் மூன்று குரல் கலந்துவிடும். அப்படி ஒரு தாளை நானே திருத்தியிருக்கிறேன்.

'நாம்', 'நாங்கள்' சிக்கலும் அதே மாதிரி. பத்தாம் நாள் தையல் பிரிப்போம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. 'நாம் தையலைப் பிரிப்போம்' என்று தமிழ் வந்தது. நாம் என்றால் படிக்கிறவரும் சேர்த்தி. வீட்டிலேயே பிரிக்கச் சொல்கிறார்களோ என்று நோயாளியின் மகள் போன் செய்து கேட்டார். 'யார் சொல்வது: மருத்துவமனை' என்ற வரி குறிப்பில் இருந்தால் 'நாங்கள்' வந்துவிடும். இன்னும் தெளிவாக வேண்டுமானால் 'மருத்துவமனையில் பிரிப்பார்கள்' என்று போடலாம்.

குழந்தை நோயாளிகளுக்கான தாளில் அவன், அவள் என்ற தடுமாற்றம் வரும். ஆங்கிலத்தில் இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதுகிறார்கள். தமிழில் அது கண்ணை உறுத்தும். 'பெற்றோர் படிக்கிற தாள், எல்லா இடத்திலும் குழந்தை என்றே வரட்டும்' என்று ஒரு வரி போதும். 'குழந்தை வாந்தி எடுத்தால்' என்று இயல்பாக ஓடும்.

"'யாருக்கு' புரியுது. 'எதற்கு' எதுக்கு? பொருள் ஒண்ணுதானே?"

ஒரே வரியை மூன்று வேலைக்கு வைத்துப் பார்க்கலாம். ஆறு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதுதான் வரி.

வீட்டுக்குக் கொடுக்கும் தாளில்: "ஆறு வாரம் வரை 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்காதீர்கள்." வேலை செய்யும் இடத்தில் காட்டும் சான்றிதழில்: "இவர் ஆறு வார காலத்துக்கு 5 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தூக்கக் கூடாது என மருத்துவ ஆலோசனை வழங்கப்பட்டுள்ளது." நோயாளியின் போனுக்கு அனுப்பும் குரல் செய்தியில்: "ஆறு வாரத்துக்கு அஞ்சு கிலோவுக்கு மேல எதையும் தூக்காதீங்க."

மூன்றும் சரியான மொழிபெயர்ப்புதான். இடம் மாறினால் மூன்றும் தவறு. சான்றிதழில் 'தூக்காதீர்கள்' என்று வந்தால் அது யாருக்குச் சொன்னது என்றே தெரியாது. நோயாளி கையில் இருக்கும் தாளில் 'ஆலோசனை வழங்கப்பட்டுள்ளது' என்று வந்தால், தான் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குப் பிடிபடாது. ஆங்கில வரியை மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் சான்றிதழ்த் தமிழும் தாள் தமிழும் கலந்த ஒன்று வருகிறது. அது இரண்டு இடத்துக்கும் பொருந்துவதில்லை.

ஒப்புதல் படிவம் போன்ற சட்டப் பொருள் உள்ள தாள்களில் நோக்கத்தைச் சொல்வது இன்னும் முக்கியம். அங்கே 'சுருக்கிச் சொல்' என்ற எண்ணமே வரக் கூடாது. 'நோயாளி கையெழுத்திடும் படிவம், எந்த உட்பிரிவையும் விடவோ சேர்க்கவோ வேண்டாம், எண் வரிசை மாறக் கூடாது' என்று எழுதுங்கள். மேலே கொடுத்த மாதிரிக் குறிப்பை அப்படியே ஒப்புதல் படிவத்துக்குப் போட்டுவிடாதீர்கள்.

"வாய்ஸ் மெசேஜுக்குன்னு பேச்சுத் தமிழ் கேட்டா ஒரு மாதிரி நாடகத் தமிழா வருதே?"

பேச்சுத் தமிழுக்கு ஒரே எழுத்து வழக்கு கிடையாது. மதுரை, கோவை, நெல்லை, சென்னை எல்லாம் வேறு வேறு. பொதுவாகக் கேட்டால் எல்லா ஊரும் கலந்து ஒன்று வருகிறது. சில சமயம் 'வாங்க, போங்க' நடுவில் 'ஆகவே', 'மேலும்' எல்லாம் எட்டிப் பார்க்கும்.

இதற்கு விளக்கத்தைக் கூட்டுவதை விட ஒரு மாதிரியைக் காட்டுவது பலன் தருகிறது. உங்கள் வார்டில் நோயாளிகளிடம் நன்றாகப் பேசுகிற ஒரு நர்ஸ் இருப்பார். அவர் இந்த விஷயத்தையே நோயாளியிடம் சொல்வதைக் கேட்டு நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள். 'இப்படிப் பேசுகிற ஆள் சொல்வதுபோல்' என்று அந்த நாலு வரியைக் குறிப்பில் வையுங்கள். வந்ததை அவரிடமே கொடுத்து ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அந்த வரியை அவர் சொல்கிறபடியே மாற்றிவிடுங்கள்.

"எங்கட சனத்துக்கும் இந்தத் தாள் வேணும். 'தமிழ்' எண்டு சொன்னால் போதாதோ?"

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டார்கள். நாட்டைக் கட்டாயம் சொல்லுங்கள். இங்கே மருத்துவமனை, அங்கே வைத்தியசாலை. இங்கே அறுவை சிகிச்சை, அங்கே சத்திரசிகிச்சை. இங்கே மாத்திரை, அங்கே குளிசை. இங்கே மருத்துவர், செவிலியர், அங்கே வைத்தியர், தாதியர். இவை பெரும்பாலும் ஊகித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வேறுபாடுகள்தான். ஆனாலும் உடம்பு சரியில்லாத நேரத்தில் ஒருவர் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஊகித்தால் தவறிப்போகும் சொற்களும் உண்டு. மருந்தகம் என்றால் தமிழ்நாட்டில் மருந்துக் கடை. சிங்கப்பூரில் டாக்டரைப் பார்க்கப் போகும் இடத்துக்கும் அதே சொல், அங்கே அரசு நடத்தும் பாலிகிளினிக்கைப் பலதுறை மருந்தகம் என்கிறார்கள். 'மருந்தகத்துக்கு வாருங்கள்' என்ற வரி இரண்டு ஊரில் இரண்டு இடத்துக்கு அனுப்பும். கருவிகள் தமிழ்நாட்டுச் சொல், இலங்கைச் சொல் என்று கலந்து கொடுப்பதும் நடக்கிறது. அதனால் 'இலங்கைத் தமிழ்' என்று எழுதியதோடு நிறுத்தாமல், முக்கியமான பத்துச் சொற்களை நீங்களே பட்டியலாகக் கொடுத்துவிடுவது நல்லது.

"நான் கூகுள் டிரான்ஸ்லேட்தான் பயன்படுத்துறேன். இந்தக் குறிப்பை அதுல எங்க போடறது?"

அந்த மாதிரி, உரையை ஒட்டும் பெட்டி மட்டும் உள்ள கருவியில் எதைப் போட்டாலும் அதுவும் மொழிபெயர்க்க வேண்டிய உரையாகத்தான் போகும். குறிப்பைப் போட்டால் குறிப்பும் மொழிபெயர்ந்து வந்து நிற்கும். குறிப்பைக் கேட்டு நடப்பது சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற அரட்டை வகைக் கருவிகள்.

அந்தப் பெட்டிதான் உங்களிடம் இருக்கிறது என்றால், யாருக்கு எதற்கு என்பதை ஆங்கில வரிக்குள்ளேயே இறக்கிவிடுங்கள். மொழிபெயர்க்கும் முன்பே மூலத்தைத் திருத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வியில் பார்த்த 'Report any discharge' வரியை இப்படி மாற்றினேன்:

```
Tell the doctor if pus or fluid comes out of the wound.
```

இதைப் போட்டால் சீழ், திரவம், புண், டாக்டரிடம் சொல்லுங்கள் என்று எல்லாம் வந்துவிடுகிறது. சுருக்கெழுத்துகளையும் விரித்து எழுதுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, தேவைப்பட்டால் மட்டும் என்று ஆங்கிலத்திலேயே முழுதாக இருக்கட்டும். மூலத்தைத் திருத்தியதும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மொழிபெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூலம் அவருடையது.

"குறிப்பை இங்கிலீஷ்ல எழுதினாதான் நல்லா வருமாமே?"

நான் இரண்டிலும் எழுதிப் பார்த்திருக்கிறேன். தமிழில் எழுதினால் ஒரு வசதி இருக்கிறது. 'கட்டு', 'தையல்', 'சீழ்' என்று எனக்கு வேண்டிய சொற்கள் குறிப்பிலேயே விழுந்துவிடுகின்றன. வரும் தமிழ் அந்தச் சொற்களையே பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

"வரி வரியா ஒட்டுறது நல்லதா, மொத்தமா ஒட்டுறது நல்லதா?"

மொத்தமாக. முதல் கேள்வியில் பார்த்த நான்கு வரிகளையும் ஒரே தடவையில், மருந்துப் பெயர்களோடு கொடுத்தால், குறிப்பே இல்லாமலும் இரண்டு மூன்று சரியாக வரலாம். ஒரு வரிக்குப் பக்கத்து வரிதான் சூழல். 'அதை மாற்ற வேண்டாம்' என்று ஒரு வரி இருந்தால், 'அது' கட்டா மாத்திரையா என்று முந்தின வரி சொல்லும்.

முப்பது நாற்பது பக்கம் உள்ள கையேடு என்றால் மொத்தமாகக் கொடுப்பதும் சரிவராது. நடுவில் சொல் மாறத் தொடங்கிவிடும். மூன்றாம் பக்கத்தில் கட்டு, இருபதாம் பக்கத்தில் பேண்டேஜ், முப்பதாம் பக்கத்தில் காய உறை என்று வந்த கையேடு ஒன்று என்னிடம் வந்தது. மூன்றும் மூன்று பொருளோ என்று தோன்றும். பிரிவு பிரிவாகக் கொடுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் மேலே அதே குறிப்பையும், இதுவரை முடிவு செய்த சொற்களின் பட்டியலையும் வையுங்கள்.

"குறிப்பு குடுத்தா அது தானா எதையெதையோ சேக்குது. அது ஆபத்து இல்லையா?"

ஆபத்துதான். குறிப்பு கொடுப்பதால் வரும் உண்மையான கெடுதல் இது. வெறும் வரியைக் கொடுத்தால் கருவி சொல்லுக்குச் சொல் போகும். ஆளையும் நோக்கத்தையும் சொன்னால் உதவி செய்யப் பார்க்கும். கட்டு நனையக் கூடாது என்ற வரிக்கு எனக்கு ஒருமுறை இப்படி வந்தது: "கட்டு ரெண்டு நாளைக்கு நனையக் கூடாது. ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்ளலாம். புண்ணில் மஞ்சள் பூசாதீர்கள்." படிக்க அருமையாக இருக்கிறது. பின் இரண்டு வரிகளும் டாக்டர் எழுதியவை அல்ல. நல்ல யோசனையாகவே இருந்தாலும் அவர் பார்க்காமல் அவர் பெயரில் போகக் கூடாது.

அதில் என் கண்ணுக்கு முதலில் தப்பிய தவறு 'ரெண்டு நாள்'. 48 மணி நேரமும் இரண்டு நாளும் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிற ஒருவருக்கு 48 மணி நேரம் புதன் மாலை ஐந்து மணிக்குத்தான் முடியும். 'ரெண்டு நாள்' என்றால் திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு என்று எண்ணிவிட்டு, புதன் காலையில் தலைக்குக் குளித்துவிடுவார். நம் ஊரில் நாளை அப்படித்தான் எண்ணுகிறோம். மருத்துவமனையில் இதைச் சொன்னேன். இப்போது தாளில் "____ கிழமை, ____ மணி வரை கட்டு நனையக் கூடாது" என்று கோடு விட்டு அச்சிடுகிறார்கள். நர்ஸ் கையால் நிரப்பிக் கொடுக்கிறார்.

மாதிரிக் குறிப்பின் கடைசி மூன்று வரிகள் இதனால் வந்தவை. அதோடு ஒரு பழக்கமும் வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பு வந்ததும் முதலில் தமிழைப் படிப்பதில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து எண்களை மட்டும் பேனாவால் வட்டமிடுவேன். ஆங்கிலத்தில் பதினொரு எண் என்றால் தமிழிலும் பதினொன்று இருக்க வேண்டும். பிறகு வாக்கியங்களை எண்ணுவேன். தமிழில் கூடுதலாக ஒரு வாக்கியம் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடுவேன்.

"வந்த தமிழை திரும்ப இங்கிலீஷுக்கு மாத்திப் பாத்தா சரியா தப்பான்னு தெரிஞ்சிடுமே?"

சில தவறுகள் தெரியும். எண் மாறியது, 'கூடாது' விட்டுப்போனது போன்றவை அகப்படும். ஆனால் நாம் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கும் தவறு அகப்படாது. 'வெளியேற்றம்' என்ற சொல்லைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அழகாக டிஸ்சார்ஜ் என்றே வரும். சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழ்தான் திரும்பும்போது மூலத்தோடு அச்சாக ஒத்துப்போகும். படிக்கிறவருக்குப் புரிகிற தமிழ் கொஞ்சம் விலகித்தான் திரும்பும். அந்தச் சோதனையை மட்டும் நம்பினால் மோசமான தமிழைத் தேர்வு செய்துவிடுவோம்.

நான் செய்வது இது. தாளை அதே வயது, அதே ஊர்ப் பக்கத்து ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். அல்லது படித்துக் காட்டுவேன். 'புரியுதா?' என்று கேட்க மாட்டேன், கேட்டால் எல்லோரும் புரியுது என்றுதான் சொல்வார்கள். "நாளைக்குக் காலையில என்ன மாத்திரை போடுவீங்கம்மா? எப்பக் குளிப்பீங்க? எதைப் பாத்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வருவீங்க?" என்று கேட்பேன். நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்ல வைக்கும் இந்த முறையை மருத்துவமனைகளில் ஏற்கெனவே கையாளுகிறார்கள். மொழிபெயர்ப்பைச் சோதிக்கவும் அது நன்றாக உதவுகிறது. இரண்டு பேரிடம் கேட்டாலே எந்த வரி உதவவில்லை என்று தெரிந்துவிடும்.

"நோயாளி பேர், வயசு, என்ன வியாதின்னு எல்லாம் குடுத்தா இன்னும் நல்லா வருமா?"

வராது, கொடுக்கவும் கூடாது. 'யாருக்கு' என்றால் எப்படிப்பட்டவர்களுக்கு என்று பொருள். பெயர், போன் எண், மருத்துவமனைப் பதிவு எண் எதுவும் மொழிபெயர்ப்பைத் துளிகூட மாற்றாது. ஒட்டுவதற்கு முன் தாளின் மேல்பகுதியை வெட்டிவிடுங்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் கோடு இருக்கட்டும்.

"மனுஷ மொழிபெயர்ப்பாளர்கிட்ட குடுக்கும்போது இதெல்லாம் வேண்டாம்தானே? அவருக்கே தெரியுமே?"

எங்களுக்கும் வேண்டும். எதற்காக மொழிபெயர்க்கிறோம் என்பதுதான் எப்படி மொழிபெயர்ப்பது என்பதைத் தீர்மானிக்கிறது என்று ஹான்ஸ் ஃபெர்மேர் என்ற ஜெர்மன் அறிஞர் 1978-லேயே எழுதினார். நோக்கம் என்று பொருள்படும் ஸ்கோபோஸ் என்ற கிரேக்கச் சொல்லால் அந்தக் கோட்பாட்டை அழைக்கிறார்கள். அது மனித மொழிபெயர்ப்பாளர்களை வைத்துச் சொன்னது.

அனுபவம் உள்ளவர் குறிப்பு இல்லாவிட்டால் போன் செய்து கேட்பார். தாள் எந்த வார்டுக்கு, யார் படிப்பார்கள், அச்சா குரலா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். கருவி பெரும்பாலும் கேட்காமலே தொடங்கிவிடுகிறது. குறிப்பில் கேள்வி எழுதச் சொல்லி ஒரு வரி வைப்பது அந்த போன் அழைப்புக்கு ஈடாகத்தான்.

"குறிப்பு, பட்டியல் எல்லாம் குடுத்தாச்சு. ஆனாலும் ஒரு வரி மட்டும் ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வருது. என்ன செய்ய?"

அப்படி ஆடுகிற வரி பெரும்பாலும் மூலத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். அதே குடலிறக்கத் தாளின் கடைசி வரி இது:

```
Aspirin and regular medicines after review 1 wk.
```

ஒருமுறை 'ஒரு வாரம் கழித்து டாக்டரைப் பார்த்த பிறகு எல்லா மருந்தையும் தொடங்குங்கள்' என்று வந்தது. மறுமுறை 'ஆஸ்பிரினையும் வழக்கமான மருந்துகளையும் தொடருங்கள், ஒரு வாரத்தில் வந்து காட்டுங்கள்' என்று வந்தது. இரண்டும் அந்த ஆங்கிலத்துக்குப் பொருந்துகின்றன. முதலாவது சரியென்றால் நோயாளி ஒரு வாரம் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் போடாமல் இருப்பார். யாருக்கு, எதற்கு என்று எவ்வளவு விரிவாக எழுதினாலும் இதைத் தீர்க்க முடியாது. விடை எழுதியவரின் மனதில் மட்டுமே இருக்கிறது. மூன்றாவது முறை [?] குறியோடு கீழே கேள்வியாக வந்தது. அதை எடுத்துக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்தேன்.

அவர் சொன்னது இரண்டு மொழிபெயர்ப்பிலும் இல்லை. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை இன்றிலிருந்தே வழக்கம்போல் போட வேண்டும். ஆஸ்பிரினை மட்டும் ஒரு வாரம் கழித்து அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும். தமிழில் அதை இரண்டு தனி வரிகளாக எழுதினோம். ஆங்கிலத் தாளையும் அன்றே திருத்தி அச்சுக்கு அனுப்பினார்.